செவ்வாய்க்கிழமை மாறிய வரி

எங்கள் ஆபீசில் ஊமைக்கோட்டான் ஒருவர் உண்டு. பெயர் வைத்தது நான்தான், மனதுக்குள். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காருவார். எல்லாரையும்விட சீனியர். காலையில் வந்தால் ஒரு தலையாட்டல், மாலையில் கிளம்பும்போது இன்னொன்று. நடுவில் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. ஆனால் நான் எழுதிய புரோகிராமைச் சரிபார்த்து ரிவ்யூ செய்யும்போது மட்டும் விரல்களுக்குப் பேச்சு வந்துவிடும். ஐந்து மாதத்தில் பதினொரு குறை எழுதியிருந்தார்.

பேசாத ஆளை நான் நம்புவதில்லை. பழைய கம்பெனியில் சிரித்துச் சிரித்துப் பேசியவள் என் வேலையைத் தன் வேலையென்று காட்டிப் பதவி வாங்கினாள். அதனால் பேசுகிறவர்களையும் நம்புவதில்லை. பிள்ளைக்காக மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்திருக்கிறேன். ஆறாவது மாதம் முடியும் வெள்ளிக்கிழமைதான் என்னை நிரந்தரமாக்குவதா, வழியனுப்புவதா என்று டீம் லீட் முடிவு செய்வார். அதே வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மருந்துக்கடைக்காரர்களுக்கு எங்கள் மொபைல் ஆப்பின் டெமோ. டெமோவின் முக்கியமான திரை என்னுடையது.

திரையில் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. மருந்துகளின் பட்டியல், ஒவ்வொன்றும் ஒரு கார்டு. தொட்டால் கார்டு மெல்ல விரியும். உள்ளே எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, என்னென்ன எச்சரிக்கை என்ற எழுத்துகள் மங்கலாகத் தோன்றித் தெளியும். ஆண்ட்ராய்டு திரைகளை எழுத உதவும் கம்போஸில் இதை எழுதுவது சுலபம். வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி எழுதுவதுதான் கஷ்டம். திங்கட்கிழமை முடித்தேன். என் போனில் வெண்ணெய் மாதிரி விரிந்தது.

புதன்கிழமை டெஸ்டர் அக்கா தன் டப்பா போனில் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, ஓகே" என்றார். அது மருந்துக்கடைக்கு வருகிற வயதானவர்கள் வைத்திருக்கிற ரகம். ஓரத்தில் கண்ணாடி உடைந்து டேப் ஒட்டியிருக்கும். அதில் ஓகே ஆனால் எல்லாவற்றிலும் ஓகே. ஆப்பின் ஒவ்வொரு புதுப் பதிப்பையும், அதாவது பில்டையும், அதில் ஓட்டி வீடியோ எடுத்து, தேதி போட்டு வைப்பது அக்காவின் பழக்கம்.

அன்று மாலை கிளம்புவதற்கு முன், யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டுகிற என் ஃபைலின் வரலாற்றைப் புரட்டினேன். தினமும் புரட்டுவேன், வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கிற மாதிரி. செவ்வாய்க்கிழமைக்கு நேராக அவர் பெயர் இருந்தது. குறிப்பு: "சிறு மாற்றம்." எனக்குச் சொல்லவில்லை, ரிவ்யூவில் எழுதவில்லை. திருட்டுத்தனமாக நுழைந்து ஒரே ஒரு வரியை மாற்றியிருந்தார்.

எழுத்து மங்கித் தெளிவதற்கு நான் கம்போஸில் நேரடியாக இருக்கிற ஆல்ஃபா என்ற மாடிஃபையரைப் போட்டு, எவ்வளவு தெளிவு என்று மாறிக்கொண்டே இருக்கிற எண்ணை அதன் கையில் கொடுத்திருந்தேன். அவர் அதை எடுத்துவிட்டு, கிராஃபிக்ஸ்லேயர் என்று ஒன்றைப் போட்டு, அதன் சுருள் அடைப்புக்குள் அதே எண்ணை அதே ஆல்ஃபாவுக்குக் கொடுத்திருந்தார். ஓட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு வித்தியாசமும் இல்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. பின்னால் "அந்தக் கார்டை நான்தான் சரிசெய்தேன்" என்று காட்டுவதற்கு ஒரு தடயம் வைத்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. வேறு இரண்டு நிறமாற்றங்களோடு சேர்த்து அந்த வரியையும் பழையபடி ஆக்கிவிட்டுக் கிளம்பினேன். என் புரோகிராம், என் வரி.

வியாழன் மதியம் டெமோ ஒத்திகை. டப்பா போனில் கார்டைத் தொட்டார் அக்கா. கார்டு விரியப் பார்த்தது, நின்றது, ஒரு தாவு தாவியது. எழுத்துகள் மெல்லத் தெளிவதற்குப் பதில் மூன்று தவணையாகக் குதித்து வந்தன. லீட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நாளைக்குள் சரியாகிவிடுமா என்று கேட்டார். சோதனைக்கான டெபக் பில்டாக இருக்கும் என்று சமாளித்தேன், அதில் எதுவுமே கொஞ்சம் தடுமாறும். அக்கா உதட்டைப் பிதுக்கி, வெளியீட்டுக்கான பில்டுதான் என்றார். ஊமைக்கோட்டான் போனை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார், எழுந்து போனார்.

அந்தப் பார்வை போதாதா எனக்கு? நேற்றுவரை ஓகே, இன்று குதிக்கிறது. நடுவில் வேறு எதிலோ கை வைத்திருக்கிறார். பில்ட் அமைப்புகள், பொதுவான தீம் என்று கடந்த மூன்று வாரத்தில் அவர் தொட்ட ஒவ்வொன்றையும் துருவினேன். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததே அவர் கெட்டிக்காரர் என்பதற்குச் சாட்சியாகப் பட்டது. என் போனில் திரும்பத் திரும்ப ஓட்டினேன். அதில் மட்டும் ஒரு குறையும் இல்லை. என் போன் எவ்வளவு விலையுயர்ந்தது என்பது ஏனோ எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, பிள்ளையின் ஒற்றைக் காலுறையைத் தேடியபடி சொன்னார்: "லிஃப்ட் நேத்து நல்லா ஓடி இன்னைக்கு உதறுச்சுன்னா, நான் முதல்ல கடைசியா கழட்டி மாட்டினத பாப்பேன். அனேகமா அது நான் மாட்டினதாத்தான் இருக்கும்."

முன்பின் பார்த்திராத ஆளுக்காகக் கட்டின பெண்டாட்டியிடம் வக்காலத்து வாங்குகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலுறையை நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன், கொடுத்த விதம் அவருக்குப் புரிந்திருக்கும்.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு லீடுக்கு மெயில் போட்டேன், நிர்வாகத்துக்கும் நகல் வைத்து. என் அனுமதி இல்லாமல் என் ஃபைல் மாற்றப்படுகிறது, என் நிரந்தரத்தைக் கெடுக்கும் நோக்கம் இருக்குமோ என்று சந்தேகிக்கிறேன், செவ்வாய்க்கிழமை மாற்றமே ஆதாரம். அனுப்ப வைத்தது பயம்தான், ஆனால் அதை அன்று நியாயம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தரைக்கு லீட் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். ஊமைக்கோட்டான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். டெஸ்டர் அக்கா டப்பா போனோடும் வீடியோக்களோடும் வந்தார். லீட் என் மெயிலை வாய்விட்டுப் படித்தார். "கெடுக்கும் நோக்கம்" என்ற இடம் வந்தபோது ஊமைக்கோட்டான் மேஜையில் கிடந்த பேனா மூடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். மாற்றியது உண்மையா என்று லீட் கேட்டார். உண்மை என்று தலையாட்டினார்.

அக்கா வீடியோக்களை வரிசையாக ஓட்டினார். திங்கட்கிழமை பில்டை அவர் வீடியோ எடுத்தது செவ்வாய் காலையில், அவசரத்தில் யாரிடமும் காட்டவில்லை. அதில் கார்டு குதித்தது. புதன்கிழமை வீடியோவில் வழுக்கிக்கொண்டு விரிந்தது. வியாழன் மறுபடி குதித்தது.

ஊமைக்கோட்டான் என் பக்கம் திரும்பினார். குரல் நான் நினைத்ததைவிட மெல்லியது.

"செவ்வாய்க்கிழமை நான் மாத்தின வரி இப்ப இருக்கா?"

லேப்டாப்பைத் திறந்தேன். வரலாறு திரையில் வந்தது. செவ்வாய், அவர் பெயர். புதன் மாலை, என் பெயர். அவருடைய வரி சிவப்பில் அடிபட்டு, என் வரி பச்சையில் நின்றது. லீட் எட்டிப் பார்த்தார். மறைக்க நினைத்தாலும் மறைக்க இடமில்லை.

"நான்தான் எடுத்தேன்," என்றேன். "சும்மா சுத்தி வளைச்சு எழுதியிருக்கீங்கன்னு நினைச்சேன்."

அதன்பின் அவர் எனக்கு விளக்கியது, ஐந்து மாதத்தில் அவர் பேசியதை எல்லாம் கூட்டினாலும் வராத அளவு. நொடிக்கு அறுபது முறை திரை புதிதாக வரையப்படுகிறது, அந்த ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கம்போஸ் மூன்று கட்டமாக வேலை செய்கிறது: எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கிறது, அளந்து இடம் ஒதுக்குகிறது, பிறகு வரைகிறது. மாறிக்கொண்டே இருக்கிற அந்த எண்ணை என் வரி முதல் கட்டத்திலேயே படித்துவிட்டது. அதனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு முழுவதும் முதலிலிருந்து தயாராகியது, உள்ளே எச்சரிக்கைகளை வரிசைப்படுத்துகிற வேலை உட்பட. சுருள் அடைப்புக்குள் வைத்தால் எண் கடைசிக் கட்டத்தில்தான் படிக்கப்படும். கார்டு அப்படியே இருக்க, வரைதல் மட்டும் மாறும். என் போன் பலசாலி, தாங்கிக்கொண்டது. டப்பா போனுக்கு ஒரு ஃபிரேமுக்குப் பதினாறு மில்லிசெகண்ட்தான், அதற்குள் முடியாமல் ஃபிரேமைத் தவறவிட்டது.

அங்கேயே அவருடைய வரியைத் திருப்பிப் போட்டேன், எச்சரிக்கைகளை வரிசைப்படுத்துவதை ஒருமுறை செய்து நினைவில் வைத்துக்கொள்ளும்படியும் மாற்றினேன். கார்டு எத்தனை தடவை மறுபடி தயாராகிறது என்று எண்ணிக் காட்டுகிற கருவியில் பார்த்தோம். முன்பு ஒரு விரிப்புக்குப் பதினெட்டு. இப்போது ஒன்று. புது பில்டை டப்பா போனில் ஏற்றி அக்கா தொட்டதும் கார்டு மூச்சு விடாமல் விரிந்தது.

லீட் அவரிடம், இதை ஏன் ரிவ்யூவில் எழுதவில்லை, விதி தெரியாதா என்று சற்றுக் கடுமையாகவே கேட்டார். அவர் பேனா மூடியைக் கீழே வைத்தார்.

"எழுதினா பன்னெண்டாவது குறை ஆயிரும். வெள்ளிக்கிழமை நீங்க எண்ணிப் பாப்பீங்க."

தரையில் பள்ளம் இருந்திருந்தால் இறங்கியிருப்பேன்.

மெயில் நிர்வாகத்துக்கும் போயிருந்ததால் வாயால் சொன்னது போதாது என்றார் லீட். புகாரை எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். டெமோவுக்கு முன்பா பின்பா என்று அவர் என்னையே முடிவு செய்யச் சொன்னார். காரணத்தை மழுப்பி இரண்டு வரி எழுதிப் பார்த்தேன், "புரிதல் பிழை" என்று. அழித்தேன். தடுமாற்றத்துக்குக் காரணம் நான் செய்த மாற்றம், அவர் செய்தது திருத்தம், பார்க்காமல் பழி போட்டேன் என்று எழுதி, அது என் பணிக்கோப்பில் நிரந்தரமாக உட்காரும் என்று தெரிந்தே பன்னிரண்டு மணிக்கு அனுப்பினேன்.

டெமோ நன்றாக நடந்தது. மருந்துக்கடைக்காரர் ஒருவர் கார்டை விளையாட்டுப் பிள்ளை மாதிரி திறந்து திறந்து மூடினார். மாலை லீட் என் விஷயத்தில் முடிவை ஒரு மாதம் தள்ளிவைத்தார். வழியனுப்பாததே பெரிது. ஊமைக்கோட்டானிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார், வழக்கம்போல.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர், நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

திங்கட்கிழமை ஊமைக்கோட்டானிடமிருந்து பன்னிரண்டாவது குறை வந்தது, ரிவ்யூவில், எல்லாரும் பார்க்கும்படி. பட்டியலின் ஒவ்வொரு கார்டுக்கும் தனி அடையாளம் கொடுக்காததால், மேலே ஒரு மருந்து சேர்ந்தால் விரிந்த நிலை பக்கத்துக் கார்டுக்குத் தாவிவிடும் என்று எழுதியிருந்தார். மூன்று முறை படித்தேன், உள்குத்து எங்காவது இருக்கிறதா என்று. இல்லை. முழுக்க மரியாதை, முழுக்கச் சரி. பிறகு பதிமூன்று வந்தது, பதினாலு வந்தது.

இப்போதும் தினமும் மாலையில் என் ஃபைலின் வரலாற்றைப் புரட்டுகிறேன். முன்பு அவர் பெயர் இருக்கக் கூடாதே என்று புரட்டுவேன். இப்போது இருக்காதா என்று பார்க்கிறேன். என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, மேலிருந்து கீழ்வரை.