புகைக்குழாயின் உட்புறம்

தீயணைப்புச் சான்றிதழ் காலாவதியாக இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஸ்ரீரங்கத்து ஓட்டல் அனுசுயாவின் பேரில் இருந்ததால், ஆய்வுக்கு வரும்படி நிலைய அலுவலருக்குப் போகும் கடிதத்தில் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஆன்லைன் விண்ணப்பம் முன்தினமே போய்விட்டது. கணவன் பீமராவ் போன வருடக் கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றி நீட்டினான்.

'சமையலறைப் புகைக்குழாயின் உட்புறம் சுத்தம் செய்யப்பட்டுள்ளது' என்ற வரியில் அவள் கண் நின்றது.

"இது எப்பங்க நடந்துச்சு?"

"நேத்துதான் பிச்சமுத்து தேய்ச்சாரு. முகம் பார்க்கலாம், போய்ப் பாரு."

போனாள். டிபன் முடிந்து அடுப்புகள் அணைந்திருந்தன. மேலே புகைக்கூண்டின் வெளிப்புறம் பளபளத்தது. ஸ்டூலில் ஏறி, வடிகட்டித் தகட்டைக் கழற்றிக் குழாய்க்குள் கையை விட்டாள். விரல்கள் புதைந்தன. தார் போன்ற எண்ணெய்ப் பிசுக்கு. அதில் ஒட்டிச் செத்த கரப்பான்பூச்சிகள். ஊசிப்போன நாற்றத்தோடு பிசுக்கு முழங்கை வரை வழிந்தது.

"வெளிப்பக்கம் போதும்னு அண்ணன் சொல்லிட்டாங்க அக்கா" என்றார் மாஸ்டர் பிச்சமுத்து. "போன மாசம் தாளிக்கையில நெருப்பு மேலே எட்டிப் பிடிச்சிருச்சு. ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டாங்க."

பின்னால் வந்து நின்ற பீமராவ் சிரித்தான். "ஆபீசர் என்ன, குழாய்க்குள்ள தலையையா விடப்போறாங்க? ஏகாதசிக் கூட்டம் வர்ற நேரத்துல கடையை மூடச் சொல்றியா? போன வருஷம் நீதானே கையெழுத்துப் போட்டே?"

அவன் நீட்டிய தாள்களில் எல்லாம் பதினாறு வருடமாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தாள். அதை அன்பு என்று நினைத்திருந்தாள். கையில் இருந்த பிசுக்கைவிட அந்த நினைப்புதான் இப்போது அருவருப்பாக இருந்தது.

சோப்பு போட்டுக் கையைக் கழுவிவிட்டு வேறு கடிதம் எழுதினாள். குழாயின் உள்ளே எண்ணெய் படிந்திருக்கிறது, ஒருமுறை தீயும் பிடித்தது, சுத்தம் செய்த பிறகு தகட்டைக் கழற்றிப் பார்த்து ஆய்வு செய்யவும் என்று எழுதி, தீயணைப்பு நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தாள். பீமராவ் பைக்கில் துரத்திக்கொண்டே வந்தான்.

நிலைய அலுவலர் ரஞ்சனி இரண்டு முறை படித்தார். "எங்களுக்கே இப்படி எழுதிக் குடுக்கிற ஓனரை இப்பதான்மா பார்க்கிறேன்."

"மேடம், இவ சும்மா பயந்து எழுதிட்டா" என்று பீமராவ் பல்லைக் காட்டினான். வீட்டில் அவளைச் சமாதானப்படுத்தும் அதே சிரிப்பு. "வேற லெட்டர் தர்றோம்."

"திருப்பி வாங்கிக்கிறீங்களாம்மா?"

"இல்லைங்க மேடம். நகல்ல சீல் மட்டும் போட்டுக் குடுங்க."

ரஞ்சனி சீல் போட்டார். "சுத்தம் பண்ற வரைக்கும் அடுப்பு எரியக் கூடாது. வெள்ளிக்கிழமை நானே வந்து கழற்றிப் பார்ப்பேன்."

வெளியே பீமராவ் பைக்கை உதைத்தான். "ஏறு. மானத்தை வாங்கிட்டே."

"மதியச் சாப்பாட்டுக்குப் பத்த வெச்சிருப்பாரு. முதல்ல மாஸ்டருக்குப் போன் போடுங்க."

முறைத்தான். அவள் நகரவில்லை. கடைசியில் போனை எடுத்தான். "பிச்சமுத்து, அடுப்பை அணைங்க. எல்லாத்தையும்."

அதைக் காதால் கேட்ட பிறகே ஏறினாள். அவன் தோளைப் பிடிக்காமல், பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.