பொத்தானின் கீழே ஒரு கொக்கி

அண்ணி வைக்கப் போவது துணி திருத்தும் கடை. பிடிப்பதைத் தளர்த்துவது, தளர்ந்ததைப் பிடிப்பது, கிழிந்ததை ஒட்டு தெரியாமல் தைப்பது. அதற்கு லோகோ வரைந்து தருவது நாத்தனார் வேலை. அவள் பன்னிரண்டு வருடமாக இதே தொழிலில் இருப்பவள். ஆனாலும் சொந்தக்காரர்களுக்கு வேலை செய்வது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது மாதிரிதான் என்று தெரிந்தே ஒத்துக்கொண்டாள்.

மேஜையில் இரண்டு தாள்கள். ஒன்றில் அண்ணியின் பெயர் மட்டும், மூன்றே எழுத்து. இன்னொன்றில் வெறும் வட்டம், உள்ளே நான்கு துளை. பொத்தான்.

"பேரையே போடுங்க அண்ணி. புதுக் கடை. இந்த வட்டத்தைப் பாத்து உங்க கடைன்னு யாருக்குத் தெரியும்? சின்னதாக்கினா நாலு ஓட்டையும் அடைஞ்சு பிஸ்கட் ஆயிடும். பெரிய கம்பெனிக்காரன் வருஷக்கணக்கா விளம்பரம் பண்ணின பிறகுதான் படத்தை மட்டும் தனியா விடுவான். உங்க பேரு குட்டிப் பேரு, பலகையில தூரத்துலேர்ந்தே படிக்கலாம்."

"பொத்தானே இருக்கட்டும்."

"ஏன்?"

அண்ணி வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பேரைப் போட்டா அவர் கண்டுபிடிச்சிடுவார்."

அவர் என்றால் அண்ணன். போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. நாத்தனாருக்குச் சுருக்கென்றது. தங்கமான அண்ணன், அவளைப் படிக்க வைத்தவன். இந்த அம்மாளுக்கு அவன் மேல் என்ன கோபமாம்?

"எதை எழுதினாலும் பாப்பார்," என்றாள் அண்ணி. "கடைச் சாமான் சீட்டு, எங்கம்மாவுக்கு எழுதற கடுதாசி, எல்லாத்துலயும் கீழ வலப்பக்கம் ஒரு கொக்கி போடுவார். பாத்துட்டேன்னு அர்த்தம். கொக்கி இல்லாம ஒரு தாள் வீட்டை விட்டுப் போனதில்ல. இருபது வருஷம். இந்தக் கடை ஒண்ணாவது அவர் பாக்காததா இருக்கட்டும்னு நினைச்சேன்."

அண்ணனைப் பற்றி இப்படி ஒருவரும் நாத்தனாரிடம் சொன்னதில்லை. சரி, பொத்தானையே சோதித்துப் பார்த்துவிடலாம் என்றாள். தொழிலில் வழக்கமான சோதனைதான். ஐந்து பேருக்குப் படத்தை ஐந்து விநாடி காட்டுவது, மறுநாள் நினைவிலிருந்து வரையச் சொல்வது. மனதில் நிற்காத படம் அங்கேயே பல்லிளித்துவிடும்.

மருந்துக்கடைக்காரர், பல் டாக்டர் வீட்டு வரவேற்புப் பெண், மாடியில் இருக்கும் வக்கீல், தபால்காரர், எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர். எல்லாரும் நாத்தனார் குடியிருக்கும் பக்கத்து ஆட்கள், ஒருவர் வரைந்ததை இன்னொருவர் பார்க்கவில்லை. யாருக்கும் அண்ணனைத் தெரியாது.

மறுநாள் மதியம் ஐந்து தாள்களையும் அண்ணி முன்னால் பரப்பினாள். ஒருவர் மூன்று துளை போட்டிருந்தார், ஒருவர் ஐந்து. வட்டம் ஒருவருக்கு முட்டையாகவே வந்திருந்தது. ஆனால் ஐந்திலும் கீழே, வலப்பக்கம், ஒரு சின்னக் கொக்கி இருந்தது.

நாத்தனார் ஓடிப்போய், அவர்களுக்குக் காட்டிய படத்தை எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு புள்ளி அதிகம் இல்லை. டீச்சருக்குப் போன் போட்டாள். "நீங்க காட்டினதுலயே இருந்ததேம்மா," என்றார் அவர்.

அண்ணி அழுவாள் என்று பார்த்தால் அழவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒளிஞ்சும் பிரயோஜனமில்ல. நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு? பேரையே போடு. பெரிசா போடு."

மூன்றெழுத்தையும் அண்ணியே எழுதினாள். இழுத்து, கோணலாக, அழுத்தி. நாத்தனார் அதைக் கணினியில் ஏற்றி இடைவெளியை மட்டும் சரிசெய்தாள், கோணலைத் தொடவில்லை. கறுப்பு வெள்ளையில் பார்த்தாள், விரல் நகமளவு சுருக்கிப் பார்த்தாள், எங்கும் நின்றது. அடுத்த ஐந்து பேரிடம் காட்டினாள். ஐந்து பேரும் மறுநாள் பெயரை மட்டுமே எழுதினார்கள், கொக்கி கிக்கி எதுவுமில்லை. அண்ணி அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். இருபது வருடத்தில் அந்தச் சிரிப்பை நாத்தனார் கேட்டதே இல்லை.

பலகை செய்கிறவர் ஒப்புதல் வாங்க அச்சுத்தாளோடு வந்தார். "பாத்து ஓகே பண்ணிக் குடுங்கம்மா, மதியம் வெட்டிடறேன்."

நாத்தனார் அளவைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள். எல்லாம் சரி. பேனாவை எடுத்தாள்.

"என்ன பண்றே?" என்றாள் அண்ணி.

நாத்தனார் குனிந்து பார்த்தாள். எப்போதும் 'சரி' என்று எழுதித் தேதி போடுகிறவள் அவள். தாளின் கீழே, வலப்பக்கம், மை காயாமல் ஒரு கொக்கி இருந்தது. அதை அவள் கைதான் போட்டிருந்தது.

அண்ணி அவள் விரல்களிலிருந்து பேனாவை மெல்ல உருவினாள். கொக்கியை அடித்தாள், பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

"நீ நல்ல பொண்ணுதான்," என்றாள். "ஆனா இனிமே என் கடைத் தாள் எதையும் நீ பாக்க வேணாம்."