நன்றியோடு முடிக்கவும்

தேயிலைக் கம்பெனியின் ஆங்கிலத் தொனியைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்ற கையேட்டை, ஹட்டன் அலுவலகத்தில் எழுதியவள் தர்ஷிகா. தொழிலாளர்களை 'நம் குடும்பம்' என்க. 'மூடுகிறோம்' வேண்டாம், 'புதிய பயணம்' என்க. கெட்ட செய்தியையும் நன்றியோடு முடிக்கவும். எல்லாம் அவள் வைத்த விதிகள். மேலிடம் மெச்சிய விதிகள்.

நேற்று, அப்பா கொழுந்து பறிக்கும் தோட்டத்து டிவிஷனை மூடும் அறிவித்தலையும் அவளே அந்த விதிப்படி எழுதி அனுப்பினாள். இன்று அப்பா அவளுக்குப் போன் எடுத்தார்.

"காலைல பெரட்டுல, வேலைக்குப் பேர் குடுக்கறப்ப, நீ எழுதுன நோட்டீஸ வாசிச்சாங்க. எல்லாரும் கைதட்டுனோம். புதுசா என்னம்மா தரப்போறாங்க?"

உள்ளதைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள்.

"புதிய பயணம்ப்பா" என்றுதான் வந்தது.

"அப்படின்னா?"

"நன்றிப்பா" என்று போனை வைத்துவிட்டாள்.