ஆத்தர்: பல்லி

கோப்பின் விவரங்களைத் திறந்தபோது, ஆத்தர், அதாவது எழுதியவர் என்ற இடத்தில் அக்காவின் முழுப்பெயர் இனிஷியலோடு இருந்தது. மருத்துவமனையில் நடப்பதைப் பற்றிய அந்த அறிக்கையில் அவள் எங்கேயும் தன் பெயரை எழுதவில்லை. வேர்டை நிறுவிய அன்று கொடுத்த பெயரை அது ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, அவள் திறந்த ஒவ்வொரு புதுக் கோப்பிலும் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. யாரோ இத்தனை நாளும் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்ததுபோல அவளுக்கு இருந்தது.

அந்தப் பெயர் வெளியே போனால் வேலை போய்விடும். அவளுக்கு மட்டுமல்ல, தம்பிக்கும். இருவரும் ஒரே மருத்துவமனையில் இருந்தார்கள். அவள் டயாலிசிஸ் டெக்னீஷியன். அவன் மெயின்டனன்ஸ்.

ஆவணத்தைப் பரிசோதிக்கும் வசதியைத் தேடிப் பிடித்து, தனிப்பட்ட விவரங்கள் எல்லாவற்றையும் நீக்கச் சொன்னாள். மறுபடி பார்த்தாள். ஆத்தர் காலி. கடைசியாகத் திருத்தியவர் காலி. தண்ணீர்ச் சோதனைப் பதிவேட்டை முதலில் செல்போனில் படம் பிடித்துத்தான் வைத்திருந்தாள். படத்துக்குள் எந்த போன், எந்த இடம் என்றெல்லாம் ஒளிந்திருக்கும் என்று எங்கோ படித்த பிறகு, படங்களை அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டு, பதிவேட்டில் இருந்ததைக் கையால் டைப் அடித்திருந்தாள்.

அடுத்தது பிடிஎஃப். சேமித்தால் வேர்டு மறுபடி எதையாவது ஒட்டிவிடுமோ என்று பயமாக இருந்தது. அதனால் பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர்களின் வரிசையில் பிடிஎஃப்பைத் தேர்ந்தெடுத்தாள். பிரிண்ட் என்றால் காகிதம். காகிதத்துக்கு முன்பக்கமும் பின்பக்கமும்தான் உண்டு, உள்பக்கம் கிடையாது. வந்த கோப்பைத் திறந்து பக்கம் பக்கமாகப் படித்தாள். ஒரு எழுத்துப்பிழையைக்கூடக் கண்டுபிடித்து, வேர்டில் திருத்தி மறுபடி பிரிண்ட் கொடுத்தாள்.

"என்ன மேடம், நாவலா?" தம்பி வாசற்படியில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

"ஆமா. உன்னை வில்லனா போட்டிருக்கேன்."

"ஹீரோயின் யாரு, அதைச் சொல்லு. லேப்டாப்பைச் சீக்கிரம் குடு, எனக்கு மேட்ச் பாக்கணும்."

அவனிடம் சொல்லவில்லை. தெரியாதவனைக் கேட்டால் தெரியாது என்று நிஜமாகவே சொல்வான், அது போதும் என்று நினைத்தாள். அந்த வீட்டுக்கு இருந்தது ஒரே லேப்டாப். வாங்கி வந்த அன்று அதில் பயனர் கணக்கு திறந்தவன் தம்பி. பெயர் கேட்ட கட்டத்தில் தன் பட்டப்பெயரை ஆங்கில எழுத்தில் 'பல்லி' என்று அடித்துவிட்டுச் சிரித்தான். ஏணி இல்லாமலே சுவரைப் பிடித்துக்கொண்டு மேற்கூரைக் குழாய்வரை ஏறிவிடுவதால் மருத்துவமனையில் கிடைத்த பெயர் அது. அன்றிலிருந்து திறக்கும்போதெல்லாம் திரை அவளையும் பல்லி என்றுதான் வரவேற்றது. அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. பழகியது கண்ணில் படுவதில்லை.

அறிக்கையில் இருந்தது இவ்வளவுதான். டயாலிசிஸ் மெஷினுக்குப் போகும் தண்ணீரில் குளோரின் இருக்கக்கூடாது. கார்பன் தொட்டி அதை உறிஞ்சிக்கொள்ளும். கார்பன் பழசானால் குளோரின் தப்பி வந்து நோயாளியின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். அந்தத் தொட்டி எப்போதோ செத்துவிட்டது. குளோரின் இருப்பதைக் காட்டும் சோதனைத் தாள் தினமும் நிறம் மாறியது. பதிவேட்டில் மட்டும் 'இல்லை' என்று எழுதச் சொன்னார்கள். நோயாளிகள் வெளுத்துக்கொண்டே வந்தார்கள். ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர் மெஷினில் இருக்கும்போதே மூச்சுத் திணறி, மறுநாள் இறந்துபோனார். இதயக் கோளாறு என்று சொல்லி உடலைக் கொடுத்தனுப்பினார்கள். ஊசி குத்தும்போது வலித்தாலும் அவளிடம், "நீ குத்தினா கடிதாசு மேல முத்திரை போட்ட மாதிரி இருக்கும்மா, வலிக்கவே இல்லை" என்று பொய் சொல்கிறவர் அவர்.

அவருடைய மகள்தான் நோயாளிகளின் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய சங்கத்துக்குச் செயலாளர். அக்கா புதிதாகத் தொடங்கிய ஒரு மெயில் முகவரியிலிருந்து அந்த மகளுக்கு அறிக்கை போனது. அவள் அதைச் சுகாதார அதிகாரிக்கு அனுப்பினாள், வாட்ஸ்அப் குழுக்களில் போட்டாள். ஒரே பகலில் அது மருத்துவமனையின் எல்லாச் செல்போன்களுக்கும் வந்து சேர்ந்தது.

மறுநாள் மதிய ஷிப்ட் மாறும் நேரம், டயாலிசிஸ் பிரிவையும் மெயின்டனன்ஸையும் மீட்டிங் அறைக்கு வரச்சொன்னார்கள். சுவரில் அறிக்கையின் முதல் பக்கம் பெரிதாகத் தெரிந்தது. தான் எழுதிய வாக்கியங்கள் அவ்வளவு பெரிதாக நிற்பதை அக்கா ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். உள்ளே ஒரு தைரியம் இருந்தது. ஆத்தர் கட்டம் காலி. தானே பார்த்தாள்.

நிர்வாகி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கோபமே இல்லாத முகம். "நல்ல எழுத்து. யார் எழுதினதுன்னு நான் கேக்கப்போறதில்ல. கேட்டா யாரும் சொல்லப்போறதில்ல. ஃபைலே சொல்லுமாம். அப்படித்தானேப்பா?"

கம்ப்யூட்டர் பையன் என்று எல்லோரும் கூப்பிடும் நாற்பது வயதுக்காரர் சங்கடமாக எழுந்து இரண்டு விசையைத் தட்டினார். ஒரு சின்னப் பெட்டி விரிந்தது. தலைப்பு. தேதி. எந்த பிரிண்டரில் உருவானது என்று ஒரு வரி.

ஆத்தர்: பல்லி.

முதலில் சிரிப்புதான் வந்தது, அறை முழுக்க. பின்வரிசையில் ஒரு நர்ஸ், "அட, நம்ம பல்லியா" என்றாள். அப்புறம் சிரிப்பு ஒவ்வொரு வாயாக அணைந்தது.

அக்கா அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்டு கோப்பைத்தான் அவள் கழுவினாள். கழுவியதை பிரிண்டருக்குள் விட்டபோது, அந்த பிரிண்டர் கணினியில் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தக் கணக்கின் பெயரைப் புதுக் கோப்பில் எழுதியிருக்கிறது. கடைசியில் கையில் வந்ததை அவள் படித்தாள், சோதிக்கவில்லை.

"நம்மகிட்ட எத்தனை பல்லிப்பா இருக்கு?" என்றார் நிர்வாகி.

தம்பி கதவோரம் நின்றிருந்தான், கையில் ஸ்பேனரோடு. அவன் அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. மேற்கூரையைப் பார்த்தான். வீட்டு லேப்டாப்பும், அன்று அவள் குனிந்து உட்கார்ந்திருந்த முதுகும், நாவலும் அவனுக்குள் ஒன்றுசேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மூச்சு.

"நான்தான் சார்," என்றான்.

"சந்தோஷம். கார்பன் மாத்தறது யார் வேலை?"

"என் வேலை."

"மாத்தினியா?"

"ஸ்டாக் கேட்டேன் சார். வாங்கித் தரலை."

"எழுதிக் கேட்டியா?"

அங்கே யாரும் எதையும் எழுதிக் கேட்பதில்லை. காரிடாரில் போகிறபோது தம்பி, "சார், கார்பன் போயிடுச்சு" என்பான். "பாக்கலாம்ப்பா" என்று பதில் வரும். அதற்குப் பதிவு கிடையாது.

"ஆக, தொட்டியைக் கவனிக்கவேண்டியவன் கவனிக்கலை. ஒரு உயிர் போச்சு. மாட்டிக்குவோம்னு பயந்து, பழியை எங்க மேல போட்டு ஒரு மொட்டைக் கடிதாசு." அவர் குரல் உயரவே இல்லை. "தண்ணி சரியில்லைன்னு நீயே ஒத்துக்கிட்டது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு."

அக்கா எழுந்தாள். எழுந்ததாகத்தான் நினைத்தாள். நாற்காலியில்தான் இருந்தாள். தம்பியின் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கினார்கள். அவன் ஸ்பேனரையும் மேஜைமேல் வைத்துவிட்டு, அது நேராக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் வீட்டில் லைட் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா ஒத்துக்கிட்ட?"

"வேற எந்தப் பல்லியைக் காட்டறது? சுவத்துல இருக்கறதையா?"

"விளையாடாத. நான்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் வெளியே. இப்ப ஒருத்தன்தான். கணக்கு நல்லாத்தான் இருக்கு." லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளி, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கணக்கு பேரை மாத்தியிருப்பேன்க்கா. அவ்வளவுதான் வேலை" என்றான்.

அவனைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை என்று இப்போது சொன்னால் அது அவளுக்கே கேலியாகக் கேட்கும்.

இரண்டொரு நாளில் மருத்துவமனை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஊழியர் ஒருவரின் அலட்சியம், வருந்துகிறோம், நீக்கிவிட்டோம், போலீசிலும் புகார் கொடுத்திருக்கிறோம். பதிவேட்டில் பொய் எழுதச் சொன்னது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பழைய தொட்டியில்தான் தண்ணீர் இன்னும் ஓடியது. அவள் தினமும் போனாள், தினமும் தாள் நிறம் மாறியது, தினமும் 'இல்லை' என்று எழுதினாள்.

பிறகு அந்தப் புது முகவரிக்குத் தபால்காரரின் மகளிடமிருந்து ஒரு மெயில் வந்தது.

'நீங்கள்தான் அந்தப் பல்லி என்கிறார்கள். எங்கள் அப்பாவைக் கொன்றுவிட்டு, தப்பிக்க இதை எழுதினீர்களா? இதை நம்பித்தான் நான் அதிகாரியின் வாசலில் போய் நின்றேன். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளப்போகிறேன். இனி எழுதாதீர்கள்.'

அக்கா அதை இரண்டாவது முறை படிக்கவில்லை. வேர்டு கோப்பைத் திறந்தாள். முதல் பக்கத்தின் மேலே எழுதினாள்: இதை எழுதியது டயாலிசிஸ் டெக்னீஷியனாகிய நான். பதிவேட்டில் பொய் எழுதியதும் நான். எழுதச் சொன்னது யார் என்பது கீழே இருக்கிறது. பல்லி என்பது என் தம்பி. அவன் கார்பன் கேட்டான், அவர்கள் தரவில்லை. கீழே தன் பெயர், ஊழியர் எண், போன் நம்பர். முன்பு நீக்கிய பதிவேட்டுப் படங்களை மறுபடி சேர்த்தாள்.

தம்பி பின்னால் வந்து நின்று படித்தான்.

"அக்கா, வேண்டாம். பொய் எழுதினதுக்கு உன்னையும் உள்ள தள்ளுவாங்க."

"தெரியும்."

"அப்ப நான் போனது வேஸ்ட்."

"நீ போனதே வேஸ்ட்தான்டா. தண்ணி அப்படியேதான் ஓடுது."

அவள் கோப்பின் விவரங்களுக்குப் போனாள். ஆத்தர் கட்டம், அவள் துடைத்த அன்றுபோலவே காலியாக இருந்தது. விவரங்களை மறுபடி சேர்த்துக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டு, அதில் தன் பெயரை அடித்தாள். இந்த முறை பிரிண்டர் பக்கம் போகாமல், ஆவண விவரங்களும் சேர்ந்து வரும்படி நேராகப் பிடிஎஃப்பாகச் சேமித்தாள். சேமித்ததைத் திறந்தாள். பக்கங்களைப் படிப்பதற்கு முன்னால் அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்தாள்.

பெயர் இருந்தது.

தம்பி குனிந்து பார்த்தான். "இனிஷியல் சரியா இருக்கா பாரு," என்றான்.

சரியாகத்தான் இருந்தது. தன் சொந்த மெயில் முகவரிக்குள் நுழைந்து, கோப்பை இணைத்து, தபால்காரரின் மகளுக்கும் சுகாதார அதிகாரிக்கும் அனுப்பினாள். அப்புறம் நாளைய ஷிப்டுக்குச் சீருடையை இஸ்திரி போடலாமா வேண்டாமா என்று தெரியாமல், அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.