கதவுக்கு முட்டுக் கொடுத்த இரும்பு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது தெரிந்தும் என் தம்பி போனில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"அக்கா, மாமா போனதுக்கப்புறம் அந்தப் பட்டறையில தனியா உக்காந்து என்ன பண்ணப் போற? ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வரேன். சாமானெல்லாம் ஏத்து. எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தானே கெடக்கு."

"சும்மா கெடக்குற ரூம்ல சும்மா கெடக்க நான் என்ன பழைய பாயா?"

"கோபப்படாத. இரும்புக் கேட்டெல்லாம் ஒத்த ஆளா செய்ய முடியுமா? மாமாவே உன்ன வெச்சுத்தானே செஞ்சாரு?"

 அதைக் கேட்டு நான் சும்மா இருப்பேனா?

"நர்சம்மா வீட்டு கேட்டுக்கு மேல் வளைவு இருக்கு. அத நான் ஒத்த ஆளா வளைச்சுட்டா வண்டிய காலியா ஓட்டிட்டுப் போ. வளைக்கலன்னா என்னையும் சேத்து ஏத்திக்க," என்றேன். வாய்தான் எனக்கு முதல் எதிரி.

போனை வைத்ததும் பட்டறை ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் இருந்தபோது குறுக்கே நடக்க இடம் இருக்காது. இப்போது இருமினால் எனக்கே திரும்பக் கேட்கிறது. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் மூடியை யாரிடம் நீட்டுவது என்று கை ஒரு நொடி நிற்கும். அப்புறம் மூடியைக் கீழே வைப்பேன்.

அந்தக் கேட்டுக்கான அலங்காரச் சுருள்கள் எல்லாம் முடிந்திருந்தன. பட்டைக் கம்பிச் சுருள் எனக்குப் பெரிய வேலை இல்லை. நுனியைச் சுத்தியலால் கொஞ்சம் தட்டி வளைத்து, அச்சின் நடுவில் உள்ள கொக்கியில் மாட்டி, அச்சை ஒட்டியே இழுத்துக்கொண்டு சுற்றி வந்தால் போதும். விட்டதும் கம்பி கொஞ்சம் பின்வாங்கி விரியும். அதனால்தான் அவர் அச்சை வேண்டிய அளவைவிட ஒரு சுற்று இறுக்கமாகச் செய்து வைத்திருந்தார். கடைசித் துண்டு நேராகவே நிற்கும் என்பதால் நீளம் கூட்டி வெட்டி, வளைத்த பிறகு நறுக்க வேண்டும். எல்லாம் எனக்குக் கைவந்தது.

வளைவுதான் வம்பு. அது ஒரு அங்குலப் பைப். எங்கள் வளைக்கும் மேசை அவரே செய்தது. கால்களைத் தரையில் கான்கிரீட் போட்டுப் புதைத்த, கனத்த இரும்புத் தகடு. அதன் மேல் அரைவட்டமாக வளைத்துப் பற்றவைத்த விளிம்பு. ஒரு முனையில் பைப்பை மாட்ட ஒரு பிடிப்பு. பைப்பின் மறு முனையில் பெரிய பைப்பை நெம்புகோலாகச் செருகி, விளிம்பைச் சுற்றி இழுக்க வேண்டும். இழுப்பதற்கு ஒரு ஆள் போதும். ஆனால் இழுக்கும்போது பைப் தகட்டைவிட்டு மேலே எழும். எழுந்தால் வளைவு முறுக்கிக்கொள்ளும். அதனால் இன்னொருவர் பைப்பைக் கீழே அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இன்னொருவர் நான்.

"வா, வந்து அமுக்கு," என்பார். அடுப்பில் எது இருந்தாலும் அணைத்துவிட்டு வர வேண்டும்.

"ஏன், உங்களுக்குக் கை ரெண்டு இல்லையா?"

"ஒத்த ஆளா வளைக்கிற வேலையில்ல இது. வா."

வெயிலில் நின்று திட்டிக்கொண்டே அமுக்குவேன். அவர் சிரித்துக்கொண்டே இழுப்பார். சீக்கிரம் இழுங்கள் என்றால் வேண்டுமென்றே மெதுவாக இழுப்பார். கடன் கேட்டு வந்தவளை மாதிரி என்னை நிற்கவைத்துக் கதை பேசுவார்.

சனிக்கிழமை காலை முதல் பைப்பை எடுத்தேன். மணலை வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, ஆறவைத்து, ஒரு முனையில் மரத்தக்கை அடித்து, உள்ளே கொட்டிக் கொட்டித் தட்டி நிரப்பி, மறு முனையையும் அடைத்தேன். இல்லாவிட்டால் பைப் வளைவில் சப்பிப்போகும். பைப்பின் பற்றவைத்த கோடு மேலே பார்க்க இருக்கும்படி வைத்தேன்; வெளிப்பக்கம் வந்தால் இழுபட்டுப் பிளக்கும். எல்லாம் சரி. இழுத்தேன். பாதி தூரம் போனதும் பைப் எழுந்தது. அமுக்க ஆள் இல்லை. கையை விட்டால் திரும்பிவிடும். விடாமல் இழுத்தால் இன்னும் எழும். வீம்புக்கு இழுத்து முடித்தேன்.

தரையில் போட்டுப் பார்த்தேன். ஒரு முனை தரையில், மறு முனை வானத்தில். காலால் மிதித்தால் ஆடுகிறது.

"சரி, நல்லா இரு!" என்று அதை ஓரமாக எறிந்தேன். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். வளைவுக்கு இல்லை. அமுக்கிக்கொண்டு நின்ற அந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை என்பதற்காக. இழுக்கும் இடத்திலும் அவர் இல்லை. இரண்டு இடமும் நான்தான்.

அழுது முடித்தால் எனக்குப் பசிக்கும். சாப்பிட்டேன். சாப்பிடும்போது யோசனை வந்தது. எழும்பாமல் இருக்கத்தானே கை? விளிம்பின் நடுவில், பைப்புக்கு மேலாக நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு இரும்பு மூக்கை போல்ட் போட்டு முடுக்கிவிட்டால்? பைப் பக்கவாட்டில் வந்து அதற்கடியில் நுழையும். மேலே எழ முடியாது. அட, இவ்வளவுதானா?

எங்கே துளை போடுவது என்று குறிக்க, விளிம்புக்கு உட்புறம் தகட்டை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தேன். பல வருஷத்து அழுக்கு. துடைக்கத் துடைக்க இரண்டு வட்டங்கள் தெரிந்தன. ஆணியால் குத்தினேன். கிரீஸில் தோய்த்த துணி உருண்டை வெளியே வந்தது. உள்ளே போல்ட் முடுக்கும் மரை, துரு இல்லாமல், நேற்று வெட்டினது போல.

நான் துளை போட நினைத்த அதே இடம்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாகக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். பட்டறைக் கதவு தானாக மூடிக்கொள்ளும். அதற்கு முட்டுக் கொடுக்க ஒரு கனத்த பட்டைத் துண்டு, படி மாதிரி இரண்டு இடத்தில் மடித்தது, நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான் கிடக்கிறது. அதில் இடித்துக்கொண்டு எத்தனை முறை சுண்டுவிரலைப் பிடித்துக் குதித்திருக்கிறேன்! "இந்தச் சனியனத் தூக்கி எறியுங்க," என்றால், "கெடக்கட்டும், அதுபாட்டுக்கு," என்பார்.

எடுத்து வந்தேன். அதன் அடியில் இரண்டு துளை. தகட்டில் வைத்தேன். துளைமேல் துளை உட்கார்ந்தது. டப்பாவிலிருந்து போல்ட்டுகளை எடுத்து முடுக்கினேன். மூக்குக்கு அடியில் ஒரு அங்குலப் பைப் உரசாமல் நுழைந்தது.

நான் வருவதற்கு முன் அந்த மனிதர் தனியாகத்தான் வளைத்திருக்கிறார். நான் வந்ததும் கழற்றி, மரைக்கு கிரீஸ் அடைத்து, துண்டைக் கதவடியில் போட்டிருக்கிறார்.

"திருட்டு மனுஷா!" என்று கத்தினேன். "ஒத்த ஆளா ஆகாதுன்னியே! எத்தன நாள் என் சாம்பார் அடுப்ப அணைக்க வெச்ச!" பட்டறை முழுக்க எனக்கே திரும்பக் கேட்டது. சிரித்தேன். பிறகு அது சிரிப்பாக நிற்கவில்லை.

அடுத்த பைப் வளைந்தது. தரையில் போட்டேன். ஆடவில்லை.

ஞாயிறு தம்பி வந்தான். வளைவைக் காலால் மிதித்துப் பார்த்தான். குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தான்.

"யாருக்கா அமுக்குனா?"

மேசையைக் காட்டினேன். அந்த மூக்கைப் பிடித்து அசைத்துப் பார்த்தான்.

"இது மாமா செஞ்சதா? இத வெச்சுக்கிட்டா உன்னப் போயி வெயில்ல நிக்க வெச்சாரு?"

"அவருக்குத் தனியா இருக்கப் பிடிக்கல. அதுக்கு நான் இருந்தேன்," என்றேன். "எனக்கு இது இருக்கு."

 போனில் நான் சொன்னபடியே தம்பி வண்டியைக் காலியாக ஓட்டிக்கொண்டு போனான். நான் சுருள்களை எடுத்து வளைவுக்குள் அடுக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். முட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லாததால் கதவு தானாக மூடிக்கொண்டது.