கோயில் மைக்கில் கேட்ட ஐந்து ஸ்டார்

நமுனுகுலயிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ் எந்த வளைவில் இருக்கிறது என்று காட்டும் ஆப் ஒன்றைக் கம்சலா தனியாளாக எழுதி பிளே ஸ்டோரில் போட்டிருந்தாள். பஸ்ஸில் இருப்பவர் ஒரு தட்டுத் தட்டினால் போதும், காத்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். ஐயாயிரத்துக்கும் மேல் டவுன்லோட், ரேட்டிங் நாலு புள்ளி ஒன்று. பட்டம் இல்லாத தேயிலைத் தோட்டத்துப் பெண்ணிடம் வேறு என்ன அத்தாட்சி இருக்கும்? விண்ணப்பத்தில் அந்த லிங்க்கைத்தான் முதலில் வைத்தாள். கொழும்புக் கம்பனி ஒன்று நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. வேலை கிடைத்தால் லயத்து வரிசை வீட்டை விட்டுப் போய்விடலாம்.

கம்பனிக்காரர்கள் அந்த ரேட்டிங்கைப் பார்ப்பார்கள் என்று அப்பா மாடசாமியிடம் சொன்னதுதான் வினை.

"ஸ்டார் கூடுனா நல்லதாம்மா?" என்று கேட்டார். அவளும் போகிற போக்கில் தலையாட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் டவுனுக்குப் போயிருந்த நேரம், மாரியம்மன் கோயில் மைக்கைப் பிடித்தார் மாடசாமி. "நம்ம கம்சலா ஆப்புக்கு அஞ்சு ஸ்டார் போட்டுட்டு எல்லாரும் சுண்டல் வாங்கிக்கங்க." மனிதர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். போன் இல்லாதவர்களுக்கு இரவல் போனில் கணக்குத் திறந்து கொடுக்கவும் ஆள் வைத்தார். மகளிடம் மூச்சு விடவில்லை. நேர்முகத்துக்குப் படிக்கும் மும்முரத்தில் அவளும் ரிவியூ பக்கம் போகவில்லை.

பதுளையில் இன்டர்நெட் வசதியுள்ள ஒரு கொமினிகேஷன் கடையிலிருந்து வீடியோவில் பேசினாள். கம்பனி சார்பில் கேள்வி கேட்ட மிப்ரான் நல்ல மனிதர். லிங்க்கைத் திறந்தவர் ரிவியூக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே நாள்ல வந்திருக்கே. 'தங்கமான புள்ள, வேலை குடுங்க'ன்னு ஒருத்தர். 'ஸ்டார் போட்டாச்சு, சுண்டல் சூப்பர்'னு இன்னொருத்தர். காசு குடுத்தீங்களா?"

சுண்டல் என்றதுமே இது அப்பாவின் வேலை என்று கம்சலாவுக்குப் புரிந்துவிட்டது. "எனக்குத் தெரியாது சார். தோட்டத்து ஆளுங்க பாசத்துல போட்டிருக்காங்க. உள்ள இருக்க கணக்க காட்டுறேன், பாருங்க."

டெவலப்பர் பக்கத்தைத் திறந்து திரையைப் பகிர்ந்தாள். மாதக்கணக்காகத் தினமும் ஆப்பைப் பாவித்தவர்களின் எண்ணிக்கைக் கோடு படிப்படியாக ஏறியிருந்தது. "இது அசல்தான்," என்றார் மிப்ரான். அவர் முகம் தெளிந்தது.

அப்போதுதான் மேலே சிவப்பில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. ரேட்டிங்கைச் செயற்கையாக உயர்த்தியதால் பிளே ஸ்டோரிலிருந்து ஆப் நீக்கப்பட்டது. இருவரும் அதைச் சேர்ந்தே வாசித்தார்கள்.

"அப்பீல் போடுங்க தங்கச்சி," என்றார் மிப்ரான். "ஆனா இத வச்சுக்கிட்டு மேல உள்ளவங்ககிட்ட உங்க பேரைச் சொல்ல என்னால ஏலாது."

லயத்துக்கு அவள் திரும்பியபோது சேதி கேட்க வாசலில் கூட்டம். முகத்தைப் பார்த்ததுமே வேலை கிடைக்கவில்லை என்று மாடசாமிக்கு விளங்கிவிட்டது. அவரைத் திட்டக்கூட முடியவில்லையே என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

"ஸ்டார் பத்தலையாம்மா?" என்றார் அவர் மெதுவாக. "கீழ் டிவிசன்ல இன்னும் நெறைய பேரு இருக்காங்க. நாளைக்கே போடச் சொல்றேன்."