தூணோரப் பலகை

அன்று காலையிலிருந்தே என் வீட்டுக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அது ஒன்றும் புதிதில்லை. ஒரு இடத்தில் நிற்காத மனுஷன் என்பதால்தான் தொழிலில் எல்லோரும் அவரைப் பம்பரம் என்று கூப்பிடுகிறார்கள். ஆனால் அன்றைக்குக் காரணம் வேறு. என் மார்பில் இருந்த கட்டியிலிருந்து ஊசி வைத்துச் சதை எடுத்திருந்தார்கள். அதன் முடிவை அன்று போனில் சொல்வதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். என் போன் உடைந்து கிடந்ததால் வீட்டுக்காரர் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பதும் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"சார்ஜ் இருக்கான்னு பார்த்தேன்."

"நீங்க பார்த்துப் பார்த்தே அது தீர்ந்துரும். வேலையப் பாருங்க."

வேலை ஒரு பழைய வீட்டின் முன்னறையில். ஒரு பக்கச் சுவர் முழுக்க இடுப்பளவுக்கு மரப்பலகை பதிக்க வேண்டும். 'சுவர் லேசா கோணல்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரம்மா ஆபீசுக்குப் போய்விட்டார். லேசாவாம்! நீளமான மட்டக்கட்டையை வைத்துப் பார்த்தால் நடுவில் பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி ஒரு தொப்பை, இரண்டு பக்கமும் விரல் நுழைகிற பள்ளம்.

எங்களுக்குள் வேலைப் பங்கீடு எப்போதும் ஒன்றுதான். பசை என்னுடையது, ஆணி அவருடையது. சுவரில் உதிர்கிற சுண்ணாம்பைச் சுரண்டி, தூசியைத் துடைத்து எடுப்பேன். இல்லாவிட்டால் பசை தூசியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. பள்ளத்தில் பசையைக் கட்டி கட்டியாக வைத்து, இடையில் மரச்சில்லு கொடுப்பேன். தொப்பையில் மெல்லிசாக. பலகை நேராக நிற்க வேண்டும், சுவரின் கோணலை அது ஏன் சுமக்க வேண்டும்? பிறகு அவர் தலை சிறுத்த பொடி ஆணிகளை ஒன்றை இப்படி, ஒன்றை அப்படி என்று சாய்த்து அடிப்பார். பசை காய்கிற வரைக்கும் பலகையை நிறுத்தி வைக்க அது போதும்.

அவரிடம் இரண்டு கெட்ட பழக்கம். ஒன்று, பள்ளம் தெரிந்தால் பலகையை அமுக்கி வளைக்கப் பார்ப்பார். வளைந்த பலகை சும்மா இருக்குமா? ஆணியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வரும். இன்னொன்று, பிடித்த பலகையிலிருந்து கையைச் சீக்கிரம் எடுத்துவிடுவார். எத்தனை பலகை என் கால்மேல் விழுந்திருக்கிறது என்று கேட்டால் என் கால் கட்டைவிரலே சொல்லும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் பசை வைக்கும்போதே இரண்டு துண்டுக்கட்டையை அதே பசையால் ஒன்றோடொன்று ஒட்டி ஓரமாக வைப்பேன். அந்தத் துண்டுகள் முறுக்கினாலும் அசையாமல் இறுகுகிற வரைக்கும் அவர் கையை எடுக்கக் கூடாது. இது என் சட்டம்.

மத்தியானத்துக்குள் ஒரே ஒரு பலகைதான் பாக்கி. என் பக்கம் செங்கல் சுவர், ஆணி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அவர் பக்கம் சிமெண்டுப் பூச்சுக்குள் கான்கிரீட் தூண் ஒளிந்திருந்தது. முதல் ஆணி மடங்கியது. இரண்டாவதும் மடங்கியது. முட்டுக்கொடுக்க வைத்திருந்த கட்டைகள் முந்தின பலகைகளுக்குப் போய்விட்டன.

"கையாலயே பிடிச்சுக்கறேன்," என்று சொல்லி மண்டிபோட்டு, இரண்டு கையையும் விரித்துப் பலகைமேல் வைத்தார். நான் என் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் போன் அடித்தது.

அவர் சட்டைப் பை அதிர்வது எனக்குத் தெரிந்தது. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்க."

"கையை எடுத்தா பலகை வந்துரும்மா."

"நான் ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கறேன். எடுங்க."

"உன் கை எட்டாது."

அடித்து ஓய்ந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊசி வைத்த அன்றும் இப்படித்தான். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனவர், நான் தனியாகக் கட்டிலில் படுத்து எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் வந்தார். வாய் வரைக்கும் வந்ததை அன்றைக்கு முழுங்கிவிட்டேன்.

திரும்ப அடித்தது.

நான் என் பக்கத்தைப் பிடித்திருந்த கையை எடுத்தேன். ஆணி அடித்த பக்கம், அதற்குப் பிரச்சினையில்லை. ஓரத்தில் கிடந்த துண்டுக்கட்டைகளை எடுத்து முறுக்கினேன். அசையவில்லை. முட்டியில் வைத்து மறுபடியும் முறுக்கினேன். என் மணிக்கட்டுதான் வலித்தது.

"பிடிச்சிருச்சு. கையை எடுங்க," என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம்."

"என்னங்க, இத்தனை வருஷமா கையை எடுக்காதீங்க எடுக்காதீங்கன்னு நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? இன்னிக்கு எடுங்கன்னா எடுக்க மாட்டேங்கறீங்க."

அவர் பலகையை இன்னும் அழுத்திப் பிடித்தார். நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது, அதையும் துடைக்கவில்லை. பலகை எப்போதோ பிடித்துக்கொண்டது என்று அவருக்கும் தெரியும். கையை எடுத்தால் போனை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அப்போது அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கட்டி என் உடம்பில். பயந்து ஒளிந்துகொள்ள இவருக்கு ஒரு பலகை கிடைத்திருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது?

பசை ஒட்டிய விரல்களோடு அவர் சட்டைப் பையில் கையை விட்டுப் போனை எடுத்தேன்.

டாக்டரம்மாவே பேசினார். நல்லவர், சுற்றி வளைக்கவில்லை. நான் "சரிங்க" என்றேன். "சரிங்க, வர்றோம்" என்றேன். எல்லாம் எனக்கு நன்றாகவே கேட்டது, புரிந்தது. போனை வைத்துவிட்டு அதன்மேல் அப்பியிருந்த பசையை நகத்தால் சுரண்டினேன்.

"என்னவாம்?" என்று சுவரைப் பார்த்தே கேட்டார்.

"அதுதானாம். ஆனா ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சாம். ஆபரேஷன் பண்ணணும். நாளைக்கு ரெண்டு பேரும் வந்து பேசணுமாம். சரியாயிரும்னுதான் சொல்றாங்க."

அப்போதுதான் கையை எடுத்தார். ஒரு கை, பிறகு இன்னொரு கை. பலகை அப்படியே நின்றது.  மண்டிபோட்டபடியே என் பக்கம் திரும்பினார். திட்டுவதற்கு நான் வார்த்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன், அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"பயமா இருக்கும்மா. அன்னிக்கு உள்ள வர முடியாமத்தான் வெளியவே நின்னேன். வண்டி முதல்லயே நிழல்லதான் இருந்துச்சு."

அந்தக் கட்டி கைக்குத் தட்டுப்பட்ட நாளிலிருந்து நான் எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அவர்மேல், பக்கத்து வீட்டுக்காரிமேல், கோணல் சுவர்மேல். அவர் சொன்ன அந்த வார்த்தையை ஒருவரிடமும் சொன்னதில்லை.

"எனக்கும்தாங்க," என்றேன். "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."